கொசு பேட்டில் லைட் எரிகிறது, பொறி வரவில்லை: எங்கே பார்ப்பது, எப்படிச் சரி செய்வது

கொசு அடிக்கும் பேட் செத்துப்போனால் முக்கால்வாசிப் பேர் செய்வது இரண்டில் ஒன்று, புது பேட் வாங்குவது அல்லது பேட்டரியை மாற்றுவது. கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தென்னந்தோப்புக்குள் வீடு இருப்பவர்களுக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பேட் இல்லாமல் திண்ணையில் உட்கார முடியாது, அதனால் யாரும் காத்திருப்பதில்லை, உடனே ஒன்றை வாங்கிவிடுகிறார்கள். ஆனால் என்னிடம் வரும் பேட்டுகளைத் திறந்து பார்த்தால், பேட்டரி மேல் எந்தக் குற்றமும் இல்லாமல் பக்கத்தில் இருக்கும் ஒரு சின்னக் கெப்பாசிட்டர்தான் காரணமாக இருப்பது அடிக்கடி நடக்கிறது. சார்ஜ் லைட் எரிகிறது என்பதை நம்பிப் பேட்டரியை மாற்றுகிறார்கள், அந்தப் பேட்டரியும் கொஞ்ச நாளில் படுத்துவிடுகிறது. இதை எழுதுவதே அதற்காகத்தான்.

இங்கே சொல்வது சுவர் பிளக்கில் நேரடியாகச் செருகிச் சார்ஜ் செய்யும் வகை, உள்ளே 4 வோல்ட் பேட்டரி கட்டை இருக்கும் பேட். யுஎஸ்பி வயரில் சார்ஜ் ஆகும் லித்தியம் பேட்டுக்குச் சார்ஜ் பகுதி வேறு, அதைப் பற்றி நடுவில் ஒரு வரி சொல்கிறேன். பொறி வரும் பகுதி இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

திறப்பதற்கு முன்

இந்த வகை பேட்டில் சார்ஜ் பண்ண டிரான்ஸ்பார்மர் கிடையாது. 230 வோல்ட் ஒரு கெப்பாசிட்டர் வழியாக, நான்கு டயோடு வழியாக, நேராகப் பேட்டரிக்குப் போகிறது. அதாவது பிளக்கில் இருக்கும்போது பேட்டரி முனை உட்பட உள்ளே எதைத் தொட்டாலும் லைன் கரண்டைத் தொடுவதுதான். பேட்டரி 4 வோல்ட்தானே என்று நினைக்கவே கூடாது. திறந்த பேட்டைப் பிளக்கில் செருகாதீர்கள், செருகிய பேட்டைத் திறக்காதீர்கள், செருகியிருக்கும்போது பட்டனை அழுத்தாதீர்கள். நான் சொல்லப்போகும் எந்தச் சோதனைக்கும் இந்த மூன்றையும் மீற வேண்டிய அவசியம் இல்லை.

பிளக்கில் இருந்து எடுத்து ஒரு நிமிடம் விட்டு, பிளாஸ்டிக் கைப்பிடி உள்ள ஸ்க்ரூ டிரைவரால் இரண்டு பிளக் பின்னையும் சேர்த்துத் தொடுங்கள். அடுத்து உள்வலையையும் வெளிவலையையும் அதே மாதிரி தொட வையுங்கள். உள்ளே மிச்சம் இருக்கும் சார்ஜ் இறங்கிவிடும். பேட்டைப் பிளக்கில் இருந்து உருவியவுடன் பின்னில் கை பட்டுச் சுள்ளென்று அடித்தால், அந்தக் கெப்பாசிட்டருக்குக் குறுக்கே இருக்கும் பெரிய மதிப்பு ரெசிஸ்டர் அறுந்திருக்கிறது என்று அர்த்தம். 1 மெக் ஓம் போட்டுவிடுங்கள், வீட்டில் குழந்தை இருந்தால் அதை முதல் வேலையாகச் செய்யுங்கள்.

கைப்பிடியில் தெரியும் ஸ்க்ரூவை எல்லாம் கழற்றியும் பிரியவில்லை என்றால் ஸ்டிக்கருக்குக் கீழே ஒன்று ஒளிந்திருக்கும். விரலால் அழுத்திப் பார்த்தால் குழி தெரியும். நெம்பாதீர்கள், கழுத்துப் பக்கம் உடைந்தால் மறுபடி வலை நேராக நிற்காது.

முதலில் எந்தப் பாதி என்று பிரிப்பது

பேட்டுக்குள் இரண்டு பாதி இருக்கிறது. ஒன்று பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் பாதி, இன்னொன்று பேட்டரியின் 4 வோல்ட்டை ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் உயர்த்தி வலைக்கு அனுப்பும் பாதி. பேட்டரி நடுவில் இருக்கிறது. அதனால் பேட்டரியில் மீட்டர் வைத்தாலே பாதி வேலை முடிந்தது. சாதாரண டிஜிட்டல் மீட்டர் போதும், டிசி 20 வோல்ட்டில் வையுங்கள்.

பட்டனை அழுத்தாமல் ஒரு தடவை பாருங்கள், அழுத்திக்கொண்டு ஒரு தடவை பாருங்கள். இரண்டாவதுதான் முக்கியம், ஏனென்றால் செத்த பேட்டரிகூடச் சும்மா இருக்கும்போது 4 வோல்ட் காட்டும். நல்ல பேட்டரி சும்மா இருக்கையில் 4.1, 4.2 என்று இருக்கும், அழுத்தினால் 3.8 பக்கம் இறங்கி அங்கேயே நிற்கும். அழுத்தியவுடன் 3-க்குக் கீழே சரிந்தால் பேட்டரியில் சரக்கு இல்லை. டார்ச் லைட் எரிகிறதே, பேட்டரி எப்படிக் காலியாக இருக்கும் என்று கேட்பார்கள். அந்தச் சின்ன லைட்டுக்கு இருபது மில்லி ஆம்பியர் போதும், பொறி வரவைக்கும் பகுதிக்கு அதைப் போலப் பல மடங்கு வேண்டும்.

ஒரு எச்சரிக்கை, மீட்டரை வலையில் வைக்காதீர்கள். சாதாரண மீட்டரின் எல்லை 1000 வோல்ட், வலையில் அதற்கு மேல் வரும். அழுத்திச் சோதிக்கும்போது வலைப் பக்கம் ஆளில்லாத திசையில் இருக்கட்டும்.

ராத்திரி முழுக்கச் சிவப்பு லைட் எரிந்தது, காலையில் பொறி இல்லை

இதுதான் அதிகம் வரும் கேஸ். பக்கத்துத் தோப்பு அக்கா ஒருவர் கொண்டுவந்த பேட்டை வைத்தே சொல்கிறேன். "ராத்திரி பூரா லைட்டு எரியுதுங்க தம்பி, காலையில எடுத்து அடிச்சா ஒண்ணுமே இல்ல, போன மாசம்தான் பேட்டரி புதுசா போட்டுக் குடுத்தாங்க" என்றார். பேட்டரியில் தேதி எழுதி ஒட்டியிருந்தது, புதுசுதான். ராத்திரி சார்ஜ் போட்ட பிறகும் சும்மா இருக்கையில் 3.6 வோல்ட், அழுத்தினால் 2.4.

இந்த இடத்தில்தான் தவறான முடிவு எடுக்கப்படுகிறது. அழுத்தினால் சரிகிறது என்பதற்கு இரண்டு அர்த்தம் இருக்க முடியும், பேட்டரி கெட்டுப்போயிருக்கலாம் அல்லது நல்ல பேட்டரிக்குச் சார்ஜே வந்து சேராமல் இருக்கலாம். மீட்டரில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். பிரித்துப் பார்க்க ஒரே வழி, பேட்டின் சார்ஜ் பகுதியை நம்பாமல் வெளியில் இருந்து பேட்டரிக்குச் சார்ஜ் கொடுப்பது.

அதற்குப் பெரிய சாமான் வேண்டாம். பழைய 5 வோல்ட் மொபைல் சார்ஜர், 10 ஓம் 1 வாட் ரெசிஸ்டர், 5819 என்று கேட்டால் கிடைக்கும் ஷாட்கி டயோடு ஒன்று. பேட்டரி வயர் இரண்டையும் போர்டில் இருந்து எடுத்துவிட்டு, சார்ஜரின் பாசிட்டிவ், ரெசிஸ்டர், டயோடு, பேட்டரி பாசிட்டிவ் என்று வரிசையாக இணைக்கவும், டயோடின் கோடு போட்ட முனை பேட்டரி பக்கம். நெகட்டிவ் நேராக. சாதாரண 4007 டயோடு வேண்டாம், அது 0.7 வோல்ட் எடுத்துக்கொள்ளும், அப்புறம் பேட்டரி நிரம்பாது. ஷாட்கி 0.3 பக்கம்தான் எடுக்கும், அதனால் பேட்டரி 4.7 வரை போய்த் தானாக மெதுவாகிவிடும். 4 வோல்ட் ஈய ஆசிட் பேட்டரிக்கு அது சரியான இடம். லித்தியம் செல்லுக்கு இந்த இணைப்பைக் கண்டிப்பாகப் போடாதீர்கள், அது 4.2-க்கு மேல் போகக்கூடாது, தீப்பிடிக்கும். அதற்கு 4056 என்ற சிப் உள்ள சின்னச் சார்ஜிங் போர்டு தனியாகக் கிடைக்கிறது. எது எந்த வகை என்று தெரியாவிட்டால் மேலே எழுதியிருப்பதைப் பாருங்கள், கட்டை வடிவில் 4 வோல்ட் என்று இருந்தால் ஈய ஆசிட், உருளையாக 3.7 என்று இருந்தால் லித்தியம்.

அக்காவின் பேட்டரியை ஒரு பகல் இப்படி விட்டேன். எடுத்து ஒரு மணி நேரம் ஆறவிட்டுப் பார்த்தால் 4.15, போர்டில் வைத்து அழுத்தினால் 3.9. பொறி படபடவென்று வந்தது. ஆக பேட்டரி நன்றாக இருக்கிறது, பொறிப் பகுதியும் நன்றாக இருக்கிறது, சார்ஜ் பாதிதான் சரியில்லை.

சார்ஜ் பாதியில் சந்தேகப்பட வேண்டியது பிளக் பின்னுக்கு அடுத்தபடியாக இருக்கும் சிவப்பு அல்லது பழுப்பு நிறத் தட்டைக் கெப்பாசிட்டர். மேலே 105 என்று எழுதியிருந்தால் 1 மைக்ரோ ஃபாரட், 474 என்றால் 0.47. எவ்வளவு கரண்ட் பேட்டரிக்குப் போக வேண்டும் என்று தீர்மானிப்பதே இதுதான். 230 வோல்ட், 50 சைக்கிளில் 1 மைக்ரோ ஃபாரட் வழியாகச் சுமார் 70 மில்லி ஆம்பியர் போகும், 0.47 என்றால் அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. அக்கா பேட்டில் இருந்ததில் 105 என்று எழுதியிருந்தது, ஒரு காலை எடுத்துவிட்டுக் கெப்பாசிட்டர் அளக்கும் மீட்டரில் வைத்தால் 0.06 காட்டியது. கணக்குப் போட்டால் 4 மில்லி ஆம்பியர். அதிலும் சார்ஜ் லைட் குடித்தது போக மிச்சம்தான் பேட்டரிக்கு. 400 மில்லி ஆம்பியர் மணி உள்ள பேட்டரி எத்தனை ராத்திரி போட்டாலும் நிரம்பாது, ஆனால் லைட்டுக்கு அந்த 4 மில்லி ஆம்பியர் தாராளம், அது பளிச்சென்றுதான் எரியும்.

ஏன் இப்படித் தேய்கிறது என்றால், உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் படலத்தின் மேல் உலோகப் பூச்சு இருக்கிறது. லைனில் ஒரு வோல்டேஜ் எகிறல் வரும்போது படலத்தில் ஒரு புள்ளி துளைபடும், அந்த இடத்து உலோகம் ஆவியாகி ஓட்டை தானாக அடைபடும். ஷார்ட் ஆகாமல் தப்பிக்கிறது, ஆனால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மதிப்புக் குறைகிறது. எங்கள் பக்கம் ஐப்பசியில் மத்தியானத்துக்கு மேல் இடி இறங்கும்போது யாரும் பேட்டைப் பிளக்கில் இருந்து எடுப்பதில்லை. இடி இடிக்கும் நேரத்தில் உருவி வைத்தாலே இந்தக் கெப்பாசிட்டர் நெடுநாள் வரும்.

மாற்றும்போது அதே மதிப்பு, 400 வோல்ட்டுக்குக் குறையாமல், 630 கிடைத்தால் இன்னும் நல்லது. எக்ஸ்2 என்று போட்ட மஞ்சள் டப்பா வகை கிடைத்து, கைப்பிடிக்குள் இடமும் இருந்தால் அதையே போடுங்கள், அது லைனுக்குக் குறுக்கே வைப்பதற்கென்றே செய்தது. பொள்ளாச்சியிலோ பாலக்காட்டிலோ எலக்ட்ரானிக்ஸ் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும், பழசைக் கையில் எடுத்துப்போய்க் காட்டுங்கள். கையில் கிடைத்த எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டரை இந்த இடத்தில் வைக்கவே கூடாது, வெடிக்கும். சீக்கிரம் சார்ஜ் ஏறட்டும் என்று பெரிய மதிப்பும் போடாதீர்கள், டயோடும் பேட்டரியும் சூடாகும்.

கெப்பாசிட்டர் அளக்கும் மீட்டர் இல்லாதவர்கள், பேட்டரியைக் காலியாக வைத்துச் சும்மா இருக்கையில் வோல்ட் பார்த்துக் குறித்துக்கொண்டு, கைப்பிடியை மூடி ஸ்க்ரூ போட்டு இரண்டு மணி நேரம் சார்ஜில் விட்டு, உருவிப் பின்னைத் தொட வைத்து இறக்கிவிட்டு, திறந்து மறுபடி பாருங்கள். நல்ல சார்ஜ் பகுதி என்றால் முள் நகர்ந்த மாதிரித் தெளிவாக ஏறியிருக்கும். பழைய இடத்திலேயே நின்றால் கெப்பாசிட்டரை மாற்றிவிடலாம்.

வெளியில் இருந்து ஒரு பகல் சார்ஜ் கொடுத்தும் பேட்டரி அழுத்தியவுடன் சரிந்தால் அது உண்மையிலேயே முடிந்தது. சும்மா இருக்கையில் 2 வோல்ட் பக்கமே நிற்கிறது என்றால் உள்ளே இருக்கும் இரண்டு செல்லில் ஒன்று ஷார்ட். சார்ஜ் போட்டால் லைட் வழக்கத்தைவிட மிகப் பிரகாசமாக எரிந்து அணைந்துபோனது என்றால் பேட்டரி உள்ளே திறந்துகொண்டு, கரண்ட் முழுவதும் லைட் வழியாகப் போய் அதையும் எரித்திருக்கிறது. மூடியைக் கிளப்பிச் சொட்டு நீர் விட்டு உயிர் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, கொஞ்ச நாள் ஓடும், ஆனால் பழைய பலம் வராது, ஆசிட் கசிந்து போர்டைத் தின்றுவிடும். புதுசு போடுவதுதான் சரி.

புதுசு போட்டபின் இரண்டு விஷயம் கவனித்தால் போதும். 105 உள்ள பேட்டுக்கு எட்டு மணி நேரம் சார்ஜ் தாராளம், 474 என்றால் பதினைந்து மணி நேரம் வரை. நிரம்பியதும் நிறுத்தும் ஏற்பாடு உள்ளே கிடையாது, நாள்கணக்கில் பிளக்கில் தொங்கினால் பேட்டரி வறண்டுவிடும். மாறாக, கொசு குறைந்த மாசி பங்குனியில் காலியாகப் பரணில் போட்டாலும் அதே கதிதான், மாதம் ஒரு முறை சார்ஜ் போட்டு எடுத்து வையுங்கள்.

சார்ஜ் லைட்டே எரியவில்லை

இது எளிது. மடக்கி வெளியே இழுக்கும் பின் உள்ள பேட்டுகளில், பின் வெளியே வரும்போது உள்ளே ஒரு செம்புத் தகட்டைத் தொட வேண்டும், அந்தத் தகடு வளைந்து தொடாமல் இருக்கும் அல்லது கறுத்திருக்கும். தேய்த்துச் சுத்தம் செய்து மூக்கு பிளேயரால் லேசாக நிமிர்த்திவிடுங்கள். அது சரியாக இருந்தால் பின்னில் இருந்து போர்டுக்கு வரும் வயர், அடுத்து கெப்பாசிட்டர், அடுத்து நான்கு டயோடு. டயோடை மீட்டரின் டயோடு நிலையில் வைத்தால் ஒரு பக்கம் 0.5, 0.6 காட்ட வேண்டும், மறுபக்கம் ஒன்றும் காட்டக்கூடாது. போர்டில் இருக்கும்போது பக்கத்துப் பாகம் குழப்பும் என்பதால் ஒரு காலை எடுத்துவிட்டுப் பாருங்கள். நான்கில் ஒன்று போனாலும் நான்கையும் 4007 போட்டுவிடுவது என் பழக்கம்.

பேட்டரி நன்றாக இருக்கிறது, பொறி மட்டும் இல்லை

இங்கே மீட்டரைவிடக் காதுதான் முதலில் உதவும். அமைதியான இடத்தில் பட்டனை அழுத்திக் கைப்பிடியைக் காதுக்கு ஒரு முழம் தள்ளி வைத்துக் கேளுங்கள், வலை எதிர்ப்பக்கம் இருக்கட்டும். மெல்லிய விசில் போல ஒரு சத்தம் வந்தால் டிரான்சிஸ்டரும் சின்ன டிரான்ஸ்பார்மரும் வேலை செய்கின்றன.

சத்தமே இல்லை என்றால் பட்டனைச் சந்தேகப்படுங்கள். தினம் நூறு தடவை அமுங்குவது அதுதான். பேட் பிளக்கில் இல்லாத நிலையில் பட்டனின் இரண்டு காலையும் ஒரு வயர் துண்டால் சேர்த்தால் விசில் வருகிறதா பாருங்கள். வந்தால் பட்டனை மாற்றினால் வேலை முடிந்தது. வரவில்லை என்றால் டிரான்சிஸ்டர். பல பேட்டுகளில் 882 என்று போட்டிருக்கும், சிலவற்றில் 8050. இரண்டுக்கும் கால் வரிசை வேறு, ஆகவே பழசில் இருந்த எண்ணையே வாங்குங்கள். டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகியிருந்தால் அழுத்தும்போது அது கைபொறுக்காத சூடாகும், பேட்டரியும் வேகமாக இறங்கும். டிரான்சிஸ்டர் மாற்றியும் வரவில்லை என்றால் டிரான்ஸ்பார்மரின் மெல்லிய சுற்றை ஓம் நிலையில் அளந்து பாருங்கள், ஏதாவது ஓர் அளவு காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் முடி போன்ற அந்தக் கம்பி பெரும்பாலும் பின்னில் சுற்றியிருக்கும் இடத்தில்தான் அறுந்திருக்கும், வார்னிஷைச் சுரண்டி ஈயம் வைத்தால் சரியாகும். உள்ளே அறுந்திருந்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை.

விசில் வருகிறது, பொறி இல்லை என்றால் வலைக்குப் போகும் இரண்டு வயரையும் போர்டில் இருந்து எடுத்துவிடுங்கள். வயர் இருந்த இரண்டு இடத்திலும் இருந்து துண்டு வயர் எடுத்து, நுனிகளை அரை மில்லிமீட்டருக்கு மேல் போகாமல் தள்ளி அசையாமல் டேப் போட்டு நிறுத்தி, கையை எடுத்துவிட்டு அழுத்துங்கள். அங்கே பொறி தாண்டினால் போர்டு நன்றாக இருக்கிறது, வலைதான் பிரச்சினை. அங்கேயும் தாண்டவில்லை என்றால் டிரான்ஸ்பார்மருக்கு அடுத்து வரும் டயோடுகளும் கெப்பாசிட்டர்களும். இந்தக் கெப்பாசிட்டர்கள் ஆயிரம் வோல்ட் கணக்கில் தாங்குபவை, மேலே எழுதியிருக்கும் வோல்ட்டுக்குக் குறைந்ததைப் போடாதீர்கள். வேலை தொடங்கும் முன் நுனிகளை மறுபடி தொட வைத்து இறக்கிவிடுங்கள்.

வலையில் இரண்டு கோளாறு வரும். ஒன்று, கழுத்துப் பகுதியில் வயர் ஆடி ஆடி அறுவது. வலை அலுமினியம், அதில் சாதாரண ஈயம் ஒட்டாது. வயரை உரித்து வலையின் ஓரத்தில் இறுக்கிச் சுற்றி, சட்டத்துக்குள் அழுத்திப் பழைய ஸ்க்ரூவால் பிடிக்க வையுங்கள். இன்னொன்று, நடுவலை வளைந்து வெளிவலையைத் தொடுவது, அல்லது கருகிய பூச்சி சட்டத்தின் ஓரத்தில் கரிக்கோடாகப் படிவது. அழுத்தினால் ஒரே இடத்தில் சிடுசிடுவென்று சத்தம் வரும், இருட்டில் அழுத்தினால் நீலமாக மினுங்கும் இடம் தெரியும். வலைகளைத் தொட வைத்துச் சார்ஜை இறக்கிவிட்டு அந்தக் கரியை மரக்குச்சியால் சுரண்டுங்கள், பிளாஸ்டிக்கே கருகியிருந்தால் வெள்ளைப் பகுதி தெரியும் வரை. ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் நன்றாக இருக்கும், ஆனால் முழுக்க உலர்ந்தபின்தான் அழுத்த வேண்டும். கொசு ஸ்பிரே அடித்த அறையிலும் அதே காரணத்துக்காகப் பேட்டை ஓங்காதீர்கள், தீப்பிடிக்கும்.

மழைக்காலத்தில் மட்டும் பொறி பலவீனமாக இருக்கிறது என்பவர்கள் எதையும் கழற்ற வேண்டாம். சட்டத்தில் ஈரம் ஏறி வோல்டேஜ் கசிகிறது, அரை மணி நேரம் இளவெயிலில் வைத்துவிட்டு அழுத்திப் பாருங்கள், பழைய சத்தம் வந்துவிடும்.

கழற்றிய ஈயப் பேட்டரியைத் தோப்பில் எறியாதீர்கள், ஈயமும் ஆசிடும் மண்ணில் இறங்கும். வண்டி பேட்டரி விற்கும் கடையில் பழசைப் பெரியதும் சிறியதும் சேர்த்தே எடுத்துக்கொள்வார்கள், அங்கே கொடுத்துவிடுங்கள்.